மைலுக்கும் ஒரு விலை உண்டு: பாயிண்ட்டில் விமான டிக்கெட் எடுக்கும் கணக்கு

என் கிரெடிட் கார்டு கணக்கில் 82,000 பாயிண்ட் சேர்ந்திருந்தது. நானும் மனைவியும் ஒரு நீண்ட பயணம் போக வேண்டியிருந்தது. வங்கியின் தளத்தில் பாயிண்ட்டை இரண்டு விமான நிறுவனங்களின் மைலேஜ் திட்டங்களுக்கு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம். அங்கே பாயிண்ட்டுக்கு மைல் என்று பெயர். அதில் ஒரு திட்டத்தில், நாங்கள் போக வேண்டிய விமானத்திலேயே, பிசினஸ் கிளாஸ் இருக்கை ஒன்று 70,000 மைலுக்குக் காத்திருந்தது. எடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டபிறகு அந்த இருக்கையை விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதை விளக்கினாலே இந்த விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி வந்துவிடும்.

தொகைகளை எந்த நாட்டுக்காரரும் தன் நாணயத்தில் வைத்துப் பார்க்கட்டும் என்று பொதுவாக 'பணம்' என்றே எழுதுகிறேன். ஒரு பணத்துக்கு நூறு காசு.

எகானமியில் போய் வரும் டிக்கெட் ஒருவருக்கு 640 பணம். பிசினஸ் கிளாஸில் அதே பயணம் 2,800 பணம். பாயிண்ட்டில் எடுத்தால் மூன்று வழிகள் இருந்தன. முதல் திட்டத்தில் எகானமி 30,000 மைல், அதோடு வரியும் கூடுதல் கட்டணமுமாக 190 பணம். இரண்டாவது திட்டத்தில் அதே விமானம், அதே எகானமி, 37,500 மைலும் 45 பணமும். மூன்றாவது, முதல் திட்டத்திலேயே இருந்த அந்த பிசினஸ் கிளாஸ்: 70,000 மைலும் 350 பணமும்.

ஒரு மைல் எவ்வளவு பெறும் என்று பார்க்க எல்லோரும் போடுகிற கணக்கு எளியது. டிக்கெட்டின் விலையிலிருந்து, பாயிண்ட்டில் எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையைக் கழித்து, மிச்சத்தை மைலால் வகுப்பது. பிசினஸ் கிளாஸுக்கு இப்படிப் போட்டால் 2,800இல் 350 போக 2,450. அதை 70,000ஆல் வகுத்தால் மைலுக்கு 3.5 காசு. எகானமிக்கு முதல் திட்டத்தில் 1.5 காசு. ஆக பிசினஸ் கிளாஸ்தான் இரண்டு மடங்குக்கு மேல் லாபம் என்று தோன்றும். பாயிண்ட் சேர்ப்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற எண்ணும் இந்த 3.5தான்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. பாயிண்ட் என்று ஒன்றே இல்லாமல் இருந்திருந்தால் நான் 2,800 பணம் கொடுத்து அந்த இருக்கையை வாங்கியிருப்பேனா? மாட்டேன். இரவு முழுக்கக் கால் நீட்டிப் படுத்துப் போக நான் மனதாரக் கொடுக்கக்கூடிய உச்ச விலை 1,000 பணம். அப்படியானால் எனக்கு அந்த இருக்கையின் மதிப்பு 1,000தான், விலைப்பட்டியலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. 1,000இல் 350 போனால் 650. அதை 70,000ஆல் வகுத்தால் மைலுக்கு 0.93 காசு. எகானமியைவிடக் குறைவு!

இன்னொரு விதமாகப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பிசினஸ் கிளாஸை எடுத்திருந்தால் எனக்கு 350 பணம், மனைவியின் எகானமி டிக்கெட்டுக்கு 640 பணம், மொத்தம் 990 கையிலிருந்து போயிருக்கும். இரண்டாவது திட்டத்தில் இருவருக்கும் எகானமி எடுத்தால் 75,000 மைலும் 90 பணமும். ஆக ஒரே ஒரு படுக்கை இருக்கைக்காக 900 பணம் கூடுதலாகச் செலவழிக்கப் போயிருக்கிறேன், 'இலவசம்' என்று நினைத்துக்கொண்டு. பாயிண்ட்டால் அதிகம் செலவழிப்பது என்றால் பெரும்பாலும் இதுதான். கடையில் கண்டதை வாங்குவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இது தெரிவதில்லை.

பிசினஸ் கிளாஸை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதுகுவலியோடு பயணம் செய்பவருக்கோ, இறங்கியதும் வேலைக்குப் போக வேண்டியவருக்கோ அந்த இருக்கை 2,000 பணம் பெறலாம். அவர் தன்னுடைய உச்ச விலையைப் போட்டு வகுத்துப் பார்க்கட்டும். அந்த எண்ணை இருக்கையைத் தேடுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இருக்கையின் படத்தைப் பார்த்தபிறகு எழுதினால் அது தானாக ஏறிவிடும்.

ஒரே இருக்கைக்கு இரண்டு விலை எப்படி?

ஒரே விமானத்துக்கு ஒரு திட்டத்தில் 30,000 மைலும் இன்னொன்றில் 37,500 மைலும் கேட்பது விசித்திரமாகத் தெரியலாம். விமான நிறுவனங்கள் கூட்டணிகளாக இயங்குகின்றன. ஸ்டார் அலயன்ஸ் 1997இலும், ஒன்வேர்ல்டு 1999இலும், ஸ்கைடீம் 2000இலும் தொடங்கியவை. ஒரு கூட்டணிக்குள் உள்ள நிறுவனம் தன் விமானத்தில் சில இருக்கைகளைக் கூட்டாளிகளின் மைலுக்கு ஒதுக்கும். அந்த இருக்கைக்கு எத்தனை மைல் வாங்குவது என்பதை, மைலை வைத்திருக்கும் திட்டம் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. ஆகவே பறக்கப்போவது எந்த விமானத்தில் என்பது ஒரு கேள்வி, எந்தத் திட்டத்தின் மைலைக் கொடுப்பது என்பது வேறொரு கேள்வி. புதிதாகச் சேர்ப்பவர்கள் இவை இரண்டையும் ஒன்றாக நினைத்து, பறக்கும் நிறுவனத்தின் திட்டத்தை மட்டுமே பார்த்துவிடுகிறார்கள்.

கையிலிருந்து கட்டும் தொகையில் 190க்கும் 45க்கும் உள்ள வித்தியாசமும் இப்படித்தான் வருகிறது. விமான நிலைய வரிகளை யாரும் தவிர்க்க முடியாது. அவை இரண்டிலும் உண்டு. அதற்கு மேலே 'கேரியர் சர்சார்ஜ்' என்று ஒன்றை விமான நிறுவனமே விதிக்கிறது. எரிபொருள் விலையைக் காரணம் காட்டி வந்து, அப்படியே தங்கிவிட்ட கட்டணம் இது. டிக்கெட்டின் வரி விவரத்தைத் திறந்து பார்த்தால் `YQ` அல்லது `YR` என்ற குறியீட்டில் தெரியும். சில திட்டங்கள் அதை மைலில் எடுப்பவரிடமும் வசூலிக்கின்றன. நீண்ட தூரப் பயணங்களில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் இதற்குப் பேர்போனது. யுனைடெட்டின் மைலேஜ்பிளஸ் திட்டம் வசூலிப்பதில்லை. ஏர் கனடாவின் ஏரோபிளானும் 2020இல் அதை எடுத்துவிட்டது.

அதனால் மைல் குறைவாகக் கேட்கும் திட்டம்தான் மலிவு என்று முடிவுகட்டக் கூடாது. எங்கள் இருவருக்கும் முதல் திட்டத்தில் 60,000 மைலும் 380 பணமும். இரண்டாவதில் 75,000 மைலும் 90 பணமும். 15,000 மைல் கூடுதலாகக் கொடுத்தால் 290 பணம் மிச்சம். அந்த 15,000 மைலில் ஒவ்வொன்றும் 1.93 காசு பெறுகிறது. இரண்டாவதுதான் சரி என்று தெரிந்தது.

ஒரு சின்னத் திருத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் அந்தப் பயணத்துக்கு மைலும் கார்டுக்குப் பாயிண்ட்டும் சேரும். மைலில் எடுத்த டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் எதுவும் சேராது. என் விஷயத்தில் அது ஒரு டிக்கெட்டுக்குச் சுமார் 30 பணம் பெறும். அதையும் கழித்தால் இரண்டாவது திட்டத்தில் 640இல் 45உம் 30உம் போக 565. 37,500ஆல் வகுத்தால் மைலுக்கு 1.5 காசு. இனி இந்தக் கட்டுரையில் என் பாயிண்ட்டின் மதிப்பு இந்த 1.5 காசுதான்.

பாயிண்ட் என்ன விலைக்கு வந்தது?

செலவழிக்கும்போது 1.5 காசு கிடைக்கிறது, சரி. அந்தப் பாயிண்ட்டைச் சேர்க்க என்ன கொடுத்தோம் என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சும்மா வந்ததுதானே என்று நினைக்கிறோம். சும்மா வரவில்லை.

என்னிடம் இன்னொரு கார்டும் இருக்கிறது. அது பாயிண்ட் தராது. செலவில் நூற்றுக்கு 1.5 என்று கேஷ்பேக்காகக் கணக்கில் போட்டுவிடும். அதாவது ஒவ்வொரு பணத்துக்கும் 1.5 காசு. பாயிண்ட் கார்டில் சாதாரணச் செலவுக்கு ஒரு பணத்துக்கு ஒரு பாயிண்ட். ஆகவே சாதாரணச் செலவைப் பாயிண்ட் கார்டில் தேய்க்கும்போது, நிச்சயமாகக் கையில் வந்திருக்கக்கூடிய 1.5 காசை விட்டுக்கொடுத்து ஒரு பாயிண்ட் வாங்குகிறேன். அந்தப் பாயிண்ட் என்றைக்கோ, இருக்கை கிடைத்தால், 1.5 காசு பெறும். இதில் எனக்கு எந்த லாபமும் இல்லை, காத்திருப்பும் கவலையும்தான் மிச்சம்.

பயணம், உணவகம் போன்ற சில வகைச் செலவுகளுக்கு அதே கார்டு மூன்று பாயிண்ட் தருகிறது. அங்கே ஒரு பாயிண்ட் எனக்கு அரைக் காசுக்கு வருகிறது. அரைக் காசுக்கு வாங்கி ஒன்றரைக் காசுக்கு விற்பது நல்ல வியாபாரம். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மூன்று பாயிண்ட் தரும் செலவுகளை மட்டும் அந்தக் கார்டிலும், மற்றதையெல்லாம் கேஷ்பேக் கார்டிலும் போடுகிறேன். கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அந்த வருடத்தில் 14,000 பணம் சாதாரணச் செலவைப் பாயிண்ட் கார்டில் போட்டு 14,000 பாயிண்ட் சேர்த்திருந்தேன். 210 பணம் கேஷ்பேக்கை விட்டுக்கொடுத்து வாங்கிய பாயிண்ட் அது.

கார்டின் ஆண்டுக் கட்டணத்தையும் இந்த விலையில் சேர்க்க வேண்டும். கட்டணம் 100 பணம் என்றால், வருடத்துக்கு 20,000 பாயிண்ட் சேர்ப்பவருக்குப் பாயிண்ட்டுக்கு அரைக் காசு அதிலேயே போகிறது. 5,000 சேர்ப்பவருக்கு இரண்டு காசு. அவர் சேர்க்காமல் இருப்பதே மேல்.

பாக்கி வைப்பவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. மாதம் 2.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 1,000 பணம் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 25 பணம். அந்த 1,000 பணச் செலவில் வந்த பாயிண்ட் 15 பணம் பெறும். மினிமம் டியூவை மட்டும் கட்டினால் பழைய பாக்கிக்கு வட்டி ஏறுவதோடு நிற்காது. வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே பல கார்டுகளில் போய்விடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். பாக்கி இருக்கும் வரை பாயிண்ட் கார்டை எடுத்து உள்ளே வைத்துவிட வேண்டியதுதான்.

வெல்கம் போனஸின் வலை

என் 82,000இல் 50,000 வெல்கம் போனஸாக வந்தது. மூன்று மாதத்தில் 4,000 பணம் செலவழித்தால் தருவதாக வங்கி சொன்னது. பாயிண்ட் சேர்ப்பதில் இதைவிடப் பெரிய ஊற்று கிடையாது. 50,000 பாயிண்ட் 750 பணம் பெறும். ஆளைத் தேவையில்லாத செலவில் இறக்குவதும் இதுதான்.

வீட்டின் மூன்று மாத வழக்கமான செலவில் கார்டில் போடக்கூடியது 3,100 பணம்தான். 900 குறைந்தது. அந்த 900க்கு எதையாவது வாங்கியிருந்தால் 750 பணம் போனஸுக்காக 900 பணம் கொடுத்தவன் ஆகியிருப்பேன். நான் செய்தது, விண்ணப்பத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டது. வருடாந்திரக் காப்பீட்டுத் தொகை எப்படியும் கட்ட வேண்டியது, அது 1,050 பணம். அது வரும் மாதம் மூன்று மாதத்துக்குள் விழும்படி கார்டை வாங்கினேன். ஒரு பணம்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை.

இதில் வழுக்கி விழக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. மூன்று மாதம் என்பது பல வங்கிகளில் விண்ணப்பம் ஒப்புதலான நாளிலிருந்து எண்ணப்படுகிறது, கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. பத்து நாள் அப்படியே போய்விடும். அப்புறம், எல்லாச் செலவும் கணக்கில் வராது. ரொக்கம் எடுத்தது, வாலட்டில் ஏற்றியது, ஆண்டுக் கட்டணம், வட்டி ஆகியவற்றைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. வாடகை, வரி, எரிபொருள் போன்றவற்றையும் சில கார்டுகள் விலக்கிவிடும். பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தொகை கழிக்கப்படும். ஆகவே 4,000 என்றால் 4,200ஐ இலக்காக வைத்துக்கொண்டு, கடைசி வாரத்துக்கு விடாமல் முடிப்பது நல்லது. எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வங்கியிடமே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

மாற்றிவிட்டால் திரும்பாது

வங்கியின் பாயிண்ட் பல திட்டங்களுக்குப் போகக்கூடியது. விமான நிறுவனத்தின் மைலாக மாற்றிய நொடியிலிருந்து அது அந்த ஒரு திட்டத்துக்குள் அடைபட்டுவிடுகிறது. திருப்பி எடுக்க வழியில்லை. இது எனக்குப் பாடப்புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு தளத்தில் இரண்டு இருக்கைகள் தெரிந்தன. உடனே 40,000 பாயிண்ட்டை மாற்றினேன். மைல் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அதற்குள் இருக்கைகள் போய்விட்டன. அடுத்த பல மாதங்களுக்கு எங்கள் தேதிகளில் எதுவும் திறக்கவில்லை. கடைசியில் காலாவதி நெருங்கியதால், தேவையே இல்லாத ஒரு குறும்பயணத்துக்கு அதைக் கரைத்தோம். அந்தப் பயணத்தில் தங்கியதற்கும் சாப்பிட்டதற்கும் ஆன செலவு பாயிண்ட்டின் மதிப்பைத் தாண்டிவிட்டது.

அந்த இருக்கைகள் உண்மையில் இருந்தனவா என்பதே எனக்கு இப்போது சந்தேகம். ஒரு திட்டத்தின் தளம் கூட்டாளி நிறுவனத்தின் இருக்கைகளைக் காட்டும்போது, ஏற்கெனவே போய்விட்ட இருக்கையையும் சில சமயம் காட்டும். பேய் இருக்கை என்று சொல்லலாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதே விமானத்தை, அதே தேதியில், அதே கூட்டணியின் இன்னொரு நிறுவனத் தளத்திலும் மைல் டிக்கெட்டாகத் தேடிப் பார்ப்பது. இரண்டிலும் தெரிந்தால் பெரும்பாலும் உண்மை. ஒன்றில் மட்டும் தெரிந்தால் பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்க்க வேண்டும். பேய் இருக்கை என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கம் திறக்கும் முன்பே பிழை காட்டும். சில தளங்கள் போதிய மைல் இல்லாமல் அவ்வளவு தூரம் விடாது. அப்போது அந்தத் திட்டத்தின் தொலைபேசி எண்ணை அழைத்து, இருக்கை அவர்களுக்குத் தெரிகிறதா என்று கேட்பதைத் தவிர வழியில்லை. அப்படிப் பேசும்போது, மைல் வந்து சேரும் வரை இருக்கையைப் பிடித்து வைக்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். சில திட்டங்கள் ஓரிரு நாள் பிடித்து வைக்கின்றன.

இந்த முறை நான் செய்த வரிசையைச் சொல்கிறேன். முதலில் இரண்டாவது திட்டத்தில் கணக்குத் தொடங்கினேன், பாஸ்போர்ட்டிலும் வங்கியிலும் உள்ள அதே பெயரில், அதே எழுத்துகளில். பெயர் பொருந்தாவிட்டால் மாற்றம் நடுவில் நின்றுவிடும். அப்புறம் இருக்கையை இரண்டு தளங்களில் சரிபார்த்தேன். வரி விவரத்தைத் திறந்து `YQ` இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். ரத்துக் கட்டணம் எவ்வளவு, ரத்து செய்தால் மைல் திரும்பி வருமா என்று விதிகளைப் படித்தேன். காலாவதித் தேதி தாண்டிய மைல் ரத்து செய்யும்போது திரும்பி வராமல் போகலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசியாகத்தான் 75,000 பாயிண்ட்டை மாற்றினேன், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. அரை மணி நேரத்தில் வந்தது. உடனே டிக்கெட் எடுத்தேன்.

மாற்றாமல் வங்கியிலேயே வைத்திருந்தால் என்றைக்கும் பத்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் ஏஅட்வாண்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது, பறந்த தூரம்தான் மைல். எத்தனை மைலுக்கு எந்த டிக்கெட் என்று ஓர் அட்டவணையும் இருக்கும். இப்போது பல நிறுவனங்கள் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டன. டெல்டா 2015இல், யுனைடெட் 2019இல். டிக்கெட் விலை ஏறினால் கேட்கும் மைலும் ஏறும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் போன்ற திட்டங்களில் அட்டவணை இன்னும் இருக்கிறது, ஆனால் மைல் மூன்று வருடத்தில் காலாவதியாகும். நாம் சேர்த்து வைத்திருக்கும் நாணயத்தின் மதிப்பை, அதை அச்சடிப்பவரே எந்த நாளிலும் குறைக்கலாம். ஓரிரு வருடத்துக்குள் போகப்போகும் பயணத்துக்கு வேண்டிய அளவு போதும். அதற்கு மேல் கேஷ்பேக்காகச் சேர்ப்பதையே நான் விரும்புகிறேன்.

லவுஞ்ச்: எண்ணிப் பார்க்க வேண்டியது

விமான நிலைய லவுஞ்சுக்குள் நுழைய மூன்று வழிகள் பெரும்பாலோருக்குக் கிடைக்கும். பிசினஸ் கிளாஸ் டிக்கெட் ஒன்று. மைலில் எடுத்திருந்தாலும், காசு கொடுத்து எடுத்தவருக்கு உள்ள உரிமை பெரும்பாலும் அப்படியே கிடைக்கும். கூட்டணியின் உயர்நிலை உறுப்பினர் தகுதி இரண்டாவது. எகானமியில் பறந்தாலும் ஸ்டார் அலயன்ஸ் கோல்டு போன்ற தகுதி கதவைத் திறக்கும். ஆனால் அது அடிக்கடி பறப்பவருக்கே வரும், கார்டில் சேர்த்த பாயிண்ட்டால் பொதுவாக வராது. மூன்றாவது, கார்டோடு வரும் லவுஞ்ச் உறுப்பினர் அட்டை. பிரயாரிட்டி பாஸ் இதில் பழையது, 1992இல் தொடங்கியது.

இந்த மூன்றாவது வழிக்காகத்தான் பலர் ஆண்டுக் கட்டணம் அதிகமுள்ள கார்டை வாங்குகிறார்கள். 100 பணத்துக்குப் பதில் 500 பணம் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலான 400ஐ லவுஞ்ச் ஈடுகட்டுகிறதா? இங்கேயும் பலகையில் எழுதியிருக்கும் விலையை எடுக்கக் கூடாது. வாசலில் நுழைவுக்கு 40 பணம் என்று போட்டிருக்கலாம். லவுஞ்ச் இல்லாவிட்டால் நான் ஒரு காப்பியும் சிற்றுண்டியும் வாங்கியிருப்பேன், 15 பணம். உட்கார அமைதியான இடத்துக்கு இன்னும் ஐந்து சேர்த்தாலும் 20தான். வருடத்துக்கு மூன்று பயணம், போக வர ஆறு நுழைவு, 120 பணம். 400ஐ எட்ட இருபது நுழைவு வேண்டும். மாதம் ஒருமுறை போய் வருபவருக்கு அது வரும். எனக்கு வராது.

கட்டணம் குறைந்த என் கார்டிலேயே வருடத்துக்கு நான்கு நுழைவு உண்டு. எனக்கு மட்டும். உடன் வருபவருக்கு 35 பணம், அது வாசலில் கேட்கப்படுவதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவோம், சில வாரம் கழித்து ஸ்டேட்மெண்ட்டில் வரும். நான்கு பேர் குடும்பமாக உள்ளே போனால் ஒருவருக்கு இலவசம், மற்ற மூவருக்கு 105 பணம். அதே காசுக்கு வெளியே நால்வரும் வயிறாரச் சாப்பிடலாம். கிரெடிட் கார்டைக் காட்டினாலே போதும் என்றும் எண்ண வேண்டாம். பல கார்டுகளில் உறுப்பினர் அட்டைக்குத் தனியே பதிவு செய்ய வேண்டும், வர ஓரிரு வாரம் ஆகலாம். சில கார்டுகள் முந்தைய மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் நுழைவு என்று விதிக்கின்றன. 20 பணம் பெறும் ஒரு நுழைவைத் திறக்க நூற்றுக்கணக்கில் செலவை நகர்த்துவதில் அர்த்தமே இல்லை.

லவுஞ்ச் எந்த முனையத்தில் இருக்கிறது, பாதுகாப்புச் சோதனைக்கு முன்னா பின்னா என்பதை வீட்டிலிருந்தே பார்த்துவிட வேண்டும். விமானம் வேறு முனையத்தில் என்றால் உரிமை இருந்தும் பயனில்லை. பல இடங்களில் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் விடமாட்டார்கள். கூட்டம் நிரம்பியிருந்தால் கார்டில் வருபவர்களைத்தான் முதலில் வெளியே நிறுத்துவார்கள்.

எங்கள் பயணத்தில், புறப்படும் ஊரில் நாங்கள் லவுஞ்ச் பக்கமே போகவில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம். விமானம் மாற வேண்டிய இடத்தில் ஐந்து மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் நடந்து கழித்துவிட்டு, மூன்று மணி நேரம் இருக்கும்போது உள்ளே போனோம். மனைவிக்கு 35 பணம் ஆகும் என்று தெரிந்தேதான் போனோம். குளித்து, உடை மாற்றி, சூடாகச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தோம். திரும்பி வரும்போது இணைப்பு ஒன்றரை மணி நேரம்தான், கடந்து போய்விட்டோம். இரண்டு பேருக்கும் வரியோடு சேர்த்துக் கையிலிருந்து போனது மொத்தம் 125 பணம். கணக்கில் 7,000 பாயிண்ட் மிச்சம் இருக்கிறது.